முந்தானையில் சிந்திய பாயசம்: ஒரு லாண்டரியை எதை வைத்து மதிப்பிடுவது?

என் தங்கையின் வளைகாப்புக்கு அம்மாவின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தவரின் கை இடறி, ஒரு கரண்டி ஜவ்வரிசிப் பாயசம் முந்தானையில் விழுந்தது. "உடனே துடைச்சா போயிரும்டி" என்று சித்தி ஈரத் துண்டை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டார். காய்ந்த பிறகு பார்த்தால் கறை இருந்த இடமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புடவையை மடித்துப் பீரோவில் வைத்தேன். அதற்குள்ளேயே ரவிக்கையையும் மடித்து வைத்தேன்.

இருபது நாள் கழித்து ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த லாண்டரியில் புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் பையைத் திறந்து மேலாக ஒரு பார்வை பார்த்து, "பட்டுப்புடவை 1, ரோலிங்" என்று எழுதிய ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கங்க அக்கா" என்றான். விழா அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருக்கிறதே என்று நிம்மதியாகக் கிளம்பினேன். கொடுத்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

வியாழக்கிழமை போனபோது துணி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை இரவு கடை மூடும் நேரத்தில் புடவை கைக்கு வந்தது. முந்தானையில், முன்பு எதுவுமே தெரியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. அதன் நடுவே சாம்பல் பூத்தது போல வெளிறிய ஒரு திட்டு. ரவிக்கையைக் காணோம். கேட்டதற்கு, "ரசீதுல புடவை ஒண்ணுன்னுதானே அக்கா இருக்கு" என்று பதில் வந்தது.

அந்த இரவில் எல்லாப் பழியையும் கடையின் மேல்தான் போட்டேன். கடையின் பெயரைப் போட்டு நாலு வரி எழுதி நாலு பேருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். பிறகு அந்தப் புடவையை வேறொரு கடைக்கு எடுத்துப் போனதும்தான், நான் ஒரே குற்றமாக நினைத்ததில் நான்கு தனித்தனி விஷயங்கள் இருப்பது தெரிந்தது. அதில் எது கடையின் தவறு, எது எங்கள் வீட்டின் தவறு, எதை யாராலும் தடுத்திருக்க முடியாது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் ஒரு லாண்டரியை நியாயமாக மதிப்பிட முடியும்.

டிரை கிளீனிங் சரியாகவே நடந்திருந்தது

இரண்டாவது கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். புடவையை வாங்கியதும் மேஜையில் முழுவதும் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தார். முதலில் அவர் பார்த்தது கறையை இல்லை. கீழ் ஓரத்தில் தைத்திருந்த ஃபால்ஸைத்தான் விரலால் நீவிப் பார்த்தார்.

"அவங்க தண்ணியில போடலம்மா. டிரை கிளீனிங்தான் பண்ணியிருக்காங்க" என்றார்.

ஃபால்ஸ் பெரும்பாலும் பருத்தித் துணி. தண்ணீரில் நனைந்தால் பருத்தி சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் டிரை கிளீனிங் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் அலசியிருந்தால் ஃபால்ஸ் இழுத்துக்கொண்டு புடவையின் கீழ் ஓரம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது சமமாகாது. என் புடவையில் ஃபால்ஸ் கொடுத்தபடியே தட்டையாக இருந்தது. அடர்ந்த நிறக் கரையின் சாயம் உடலில் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்தார். இறங்கவில்லை. பட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும் எவரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சோதனைகள் இவை. கொடுக்கும் முன் ஃபால்ஸ் எப்படி இருந்தது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் கறை எங்கிருந்து வந்தது? டிரை கிளீனிங் என்ற பெயரைக் கேட்டு, துணி நனையாமலே சுத்தமாகிறது என்று பலரும் நினைக்கிறோம். துணி நன்றாகவே நனைகிறது. தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஒரு திரவத்தில் நனைகிறது. பெரிய ஆலைகளில் பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவம் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சிறு ஆலைகள் பலவற்றில் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டர்பென்டைன் வகைத் திரவம் ஓடுகிறது. நெய், எண்ணெய், லிப்ஸ்டிக், மேக்கப் கிரீம் எல்லாம் இவற்றில் எளிதாகக் கரைந்துவிடும். ஆனால் சர்க்கரையும் உப்பும் இவற்றில் கரையாது. பாலின் புரதமும் கரையாது, வியர்வையின் உப்பும் கரையாது. இவற்றுக்கெல்லாம் தண்ணீர்தான் வேண்டும்.

பாயசத்தில் நெய்யும் உண்டு, பாலும் உண்டு, சர்க்கரையும் உண்டு. சித்தி துடைத்தபோது மேலே தெரிந்தது போய்விட்டது. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் நூலுக்குள் இறங்கிக் காய்ந்தது. காய்ந்த சர்க்கரைக்கு நிறமில்லை. அதனால்தான் பீரோவில் வைக்கும்போது எதுவும் தெரியவில்லை. டிரை கிளீனிங் எந்திரம் நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டு, சர்க்கரையையும் பாலையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. பிறகு ரோலிங்கில் சூடு பட்டதும், பாகு முறுகுவது போலச் சர்க்கரை பழுப்பேறிவிட்டது. பழுப்பின் ஓரம் நடுவைவிட அடர்த்தியாக இருப்பதைக் காட்டி, "தண்ணி பரவி நின்ன எல்லை இது. எண்ணெய்க் கறைக்கு இப்படி ஓரம் கட்டாது" என்றார் பெரியவர்.

கடை சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. அந்த வேலை சரியாகவும் நடந்திருக்கிறது. அதனாலேயே கறை நிலைத்தும்விட்டது. அப்படியென்றால் குறை வேலையில் இல்லை, வேலைக்கு முன்னால் கேட்காமல் விட்ட கேள்வியில் இருக்கிறது.

மூன்று கேள்விகள்

பெரியவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "இதுல என்ன விழுந்துச்சு? எப்ப விழுந்துச்சு? விழுந்ததும் நீங்க என்ன பண்ணீங்க?"

கறை எடுக்கும் தொழிலில் இதற்கு மேல் பெரிய ரகசியம் கிடையாது. என்ன விழுந்தது என்று தெரிந்தால் எதில் கரையும் என்று தெரியும். எப்போது விழுந்தது என்று தெரிந்தால் எவ்வளவு போகும் என்று ஊகிக்கலாம். நாம் என்ன செய்தோம் என்பது மூன்றாவது. அதுதான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. உதாரணமாக, மஞ்சள் கறைமேல் சோப்புப் போட்டால் அது சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சளின் நிறமி சிவக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவக்க வைப்பதும் அதே மாற்றம்தான். சோப்புப் போட்டதைச் சொல்லாமல் கொடுத்தால், கடைக்காரர் வேறு ஏதோ சாயம் என்று நினைத்து வேறு மருந்தைப் போடுவார்.

என் முந்தானையின் நடுவிலிருந்த வெளிறிய திட்டுக்குக் காரணம் அந்த மூன்றாவது கேள்வியின் பதிலில் இருந்தது. நனைந்த பட்டு, காய்ந்த பட்டைவிட வலுக் குறைந்தது. நனைந்த நிலையில் அழுத்தித் தேய்த்தால் நூலின் மேற்பரப்பிலிருக்கும் மெல்லிய இழைகள் அறுந்து சிலிர்த்து நிற்கும். அந்த இடத்தில் ஒளி சிதறுவதால் கண்ணுக்கு வெளுத்தது போலத் தெரியும். சாயம் அங்கேயேதான் இருக்கிறது, இழைதான் சிதைந்திருக்கிறது. "இது கறை இல்லம்மா, காயம். இதுக்கு மருந்து கிடையாது" என்றார். கடைக்குப் போகும் முன்னரே அது அங்கே இருந்திருக்கும். பந்தி முடிந்த அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

பட்டில் ஏதாவது சிந்தினால் வெள்ளைப் பருத்தித் துணியையோ டிஷ்யூத் தாளையோ மேலே வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. சூட்டை அருகே கொண்டுபோகக் கூடாது. பிறகு, கறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சிந்திய இடத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துச் சில நாட்களுக்குள் கடையில் கொடுத்து, என்ன சிந்தியது என்று வாயால் சொல்ல வேண்டும். இளநீர், குளிர்பானம், பாயசம், வியர்வை ஆகியவை காய்ந்ததும் மறையும் கறைகள். அவற்றை நாம் சொல்லாமல் கடைக்காரர் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் கேட்க வேண்டிய பொறுப்பு கடைக்கு உண்டு. பட்டுப்புடவை ஒன்றை வாங்கும்போது அதை விரித்துப் பார்க்காத, எதுவும் கேட்காத கடை, உள்ளே எவ்வளவு நல்ல எந்திரம் வைத்திருந்தாலும் கறை விஷயத்தில் சூதாடுகிறது என்றுதான் சொல்வேன்.

கறையை எடுத்த விதம்

பெரியவர் உடனே வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் சாயத்தைச் சோதித்தார். வெள்ளைத் துணியின் நுனியை நனைத்து, இடுப்பில் செருகும் உள்முனையில் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். துணியில் லேசாக அரக்கு ஏறியது. "தண்ணி கொஞ்சமாத்தான் காட்ட முடியும். முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். சாயம் போற மாதிரி இருந்தா நிறுத்திருவேன், சரியா?" என்றார். இதே வார்த்தைகளை ரசீதிலும் எழுதினார்.

வேலையை அவர் விளக்கிய விதம் இது. கறைக்கு அடியில் உறிஞ்சும் வெள்ளைத் துணியை வைக்க வேண்டும். காரமோ அமிலமோ இல்லாத மெல்லிய சோப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மென்மையான பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்ட வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இன்னொரு காயம் உண்டாகும். சர்க்கரை கரைந்து அடித்துணியில் இறங்கும். அடித்துணியை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கடைசியில் ஈரத்தின் ஓரத்தைக் காற்றால் வெளிப்பக்கமாகப் பரத்திக்கொண்டே உலர்த்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஈரம் நின்ற எல்லையில் புதிதாக ஒரு வளையம் விழும். முற்றிலும் உலர்ந்த பிறகுதான் மறுபடி டிரை கிளீனிங். ஈரத்தோடு எந்திரத்தில் போட்டால் சாயம் கலங்கும்.

அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் வெளுப்பான்களை எடுப்பார்கள். குளோரின் வெளுப்பான் பட்டைக் கரைத்தே விடும், ஏனென்றால் பட்டு என்பது புரதம். அதே காரணத்தால், புரதக் கறையைத் தின்னும் என்சைம் கலந்த சலவைத்தூள் பட்டையும் கம்பளியையும் கூடவே தின்னும். கறை போய்விட்டது என்று காட்டிப் பணம் வாங்கிவிடலாம். சில மாதங்களில் அந்த இடம் மட்டும் கிழியும். கறை முழுதாகப் போவதைவிடத் துணி முழுதாக இருப்பது முக்கியம் என்று தெரிந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்வார். "கேரண்டியா எடுத்துத் தர்றோம்" என்று துணியைப் பார்க்காமலே சொல்லும் கடையை நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஜரிகைக்கும் இதே கவனம் தேவை. நல்ல காஞ்சிபுரம் ஜரிகை என்பது சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்கம் ஏற்றியது. ஜரிகையில் செண்டும் வியர்வையும் பட்டு அப்படியே கிடந்தால் கறுக்கும். அக்குள் வியர்வையை டிரை கிளீனிங் முழுதாக எடுக்காது என்பதால், ரவிக்கையைக் கொடுக்கும்போது அதைத் தனியாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கல் வேலைப்பாடு செய்த ரவிக்கையாக இருந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கற்களைத் தைத்திருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா? சில பசைகள் டிரை கிளீனிங் திரவத்தில் இளகும். கற்கள் எந்திரத்துக்குள்ளேயே உதிர்ந்துவிடும்.

துணி திரும்பி வந்ததும் முகர்ந்து பார்ப்பதும் ஒரு சோதனை. மண்ணெண்ணெய் போன்ற வாடை அடித்தால் திரவம் சரியாக உலரவில்லை என்று அர்த்தம். இளநிறத் துணி மங்கிச் சாம்பல் தட்டியிருந்தால், பலருடைய துணியை அலசிய திரவத்தைச் சுத்திகரிக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். எப்படி இருந்தாலும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வைப்பதுதான் பட்டுக்கு நல்லது.

காணாமல் போன ரவிக்கை

ரவிக்கை விஷயத்தில் கடைக்காரப் பையன் பொய் சொல்லவில்லை. புடவைக்குள் மடித்திருந்த ரவிக்கையை அவன் கண்ணால் பார்க்கவே இல்லை. நானும் அது உள்ளே இருக்கிறது என்று சொல்லவில்லை. ரசீதில் ஒரு உருப்படிதான். ஆலையில் புடவையை விரித்தபோது ரவிக்கை தனியாக விழுந்திருக்கும். அதற்கு எண் கிடையாது. எண் இல்லாத துணி, பக்கத்திலிருக்கும் யாருடைய மூட்டையிலாவது ஏறிக்கொள்ளும்.

துணிக்கு அடையாளம் போடுவது சலவைத் தொழிலின் மிகப் பழைய கலை. சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிட்டு, வீடு வீடாகத் துணி எடுத்தவர்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் துணிகளைப் பிசகாமல் பிரித்துக் கொடுத்தார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அழியாத கறுப்பு மை அது. சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும், ஆனாலும் அந்தத் தொல்லையைத் தாங்கிக்கொண்டு குறியிட்டார்கள். இன்று அந்த இடத்தில் எண் எழுதிய துணிச்சீட்டும் பார்கோடு ஒட்டும் வந்திருக்கின்றன. சாதனம் மாறினாலும் விதி பழையதுதான்: ஒவ்வொரு உருப்படிக்கும் தனிக் குறி. சூட், கோட், பேன்ட் என்று வந்தால் மூன்றுக்கும் மூன்று குறி. புடவை, ரவிக்கை, பாவாடைக்கும் அப்படித்தான்.

ஒரு கடையில் துணி தொலையுமா தொலையாதா என்பதைக் கவுன்டரிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். உருப்படிகளை உங்கள் கண்முன் எண்ணுகிறார்களா? நிறத்தையும் கரையையும் எழுதுகிறார்களா? எண்சீட்டை அங்கேயே குத்துகிறார்களா, இல்லை மொத்தமாக ஒரு பையில் போட்டு "அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார்களா? பெரியவரின் ரசீதில் இப்படி இருந்தது: "பட்டுப்புடவை 1, அரக்கு, பச்சைக் கரை, முந்தானையில் குஞ்சம் உண்டு, ரவிக்கை கொடுக்கவில்லை." கொடுக்காததையும் எழுதியிருந்தார்.

என் ரவிக்கை ஒன்பதாம் நாள் கிடைத்தது. வளைகாப்புப் படங்களில் ரவிக்கையின் கைப் பகுதி தெளிவாகத் தெரியும் ஒன்றை எடுத்து முதல் கடை முதலாளியிடம் காட்டினேன். அவர் அந்தப் படத்தை ஆலைக்கு அனுப்பி, அதே வண்டியில் போன மற்றவர்களின் பொட்டலங்களைத் தேடச் சொன்னார். வேறொருவருக்கு அனுப்ப வைத்திருந்த பொட்டலத்தில் அது இருந்தது. தொலைந்தது என்று தெரிந்த முதல் சில நாட்களில், படத்தோடு, எந்தத் தேதி வண்டியில் போனது என்ற விவரத்தோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொட்டலங்கள் வீடுகளுக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அந்த முதலாளி தேடினார் என்பதை நான் எங்கே பேசினாலும் சேர்த்தே சொல்கிறேன்.

"வியாழக்கிழமை வாங்கிக்கங்க"

தேதி தவறியதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. பல தெருமுனைக் கடைகளைப் போல அந்தக் கடையும் துணியை வாங்கி வைக்கும் இடம் மட்டுமே. வெளுப்பது ஊருக்கு வெளியே இருக்கும் ஆலையில். வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும், திங்களும் வியாழனும். நான் வெள்ளிக்கிழமை கொடுத்த புடவை திங்கள் வரை கடையிலேயே கிடந்தது. திங்களன்று போனது வியாழக்கிழமை வண்டியில் திரும்ப வேண்டும். அதற்குள் கறை பார்ப்பது, வெளுப்பது, வாடை போக உலர்த்துவது, ரோலிங் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஏதாவது ஒரு கட்டத்தில் அரை நாள் தாமதமானாலும் வியாழக்கிழமை வண்டி தவறும். தவறினால் அடுத்தது திங்கட்கிழமைதான். நான் கத்தியதால் சனிக்கிழமை தனியாக ஓர் ஆளை அனுப்பி எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த அவசரத்தில்தான் யாரும் புடவையை விரித்துப் பார்க்காமல் மடித்து அனுப்பினார்கள்.

ஆகவே "எப்ப கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்கே வெளுக்கிறீங்க? வண்டி என்னிக்குப் போகுது, என்னிக்கு வருது?" என்று கேட்க வேண்டும். சொன்ன தேதியில் வண்டி தவறினால் அடுத்த வண்டி எப்போது என்று கணக்குப் போட்டு, அந்த நாளும் நம் விழாவுக்கு முன்னால் இருந்தால்தான் கொடுக்கலாம். என் கணக்கில் அடுத்த வண்டி விழாவுக்கு மறுநாள். அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை நான் புடவையைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

ரசீதில் எழுதிய தேதிக்குச் சட்டத்திலும் எடை உண்டு. வெளுக்கக் கொடுத்த துணி, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, திருப்பித் தரும் நிபந்தனையோடு ஒப்படைத்த பொருள். சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. 161-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிய காலத்தில் திருப்பித் தராதது கடையின் தவறாக இருந்தால், அந்த நேரத்திலிருந்து பொருளுக்கு வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் கடையே பொறுப்பு. தேதி வாய்ப்பேச்சாக இருந்தால் இதை நிரூபிப்பது கடினம். அதனால் தேதியையும், முடிந்தால் விழா தேதியையும், ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

ரசீதின் பின்பக்கம்

லாண்டரி ரசீதின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. "துணி தொலைந்தால் அல்லது சேதமானால் இவ்வளவுக்கு மேல் தர மாட்டோம்" என்ற பொருளில் ஒரு வரி பல ரசீதுகளில் இருக்கும். சிலர் துணி விலையில் பாதி என்பார்கள். சிலர் சலவைக் கட்டணத்தின் சில மடங்கு என்பார்கள். அச்சடித்திருக்கிறதே, இனி என்ன செய்ய முடியும் என்று நாமும் வாயை மூடிக்கொள்வோம்.

இந்தக் கேள்வி 1960-களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஒரு சலவை நிறுவனத்திடம் கொடுத்த புடவை தொலைந்தது. சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு நிபந்தனையை ஒப்புக்கொண்டால், புதுப் புடவையைத் தானே வைத்துக்கொண்டு பாதி விலையைக் கொடுத்துவிட்டுப் போக எவருக்கும் ஆசை வரும், ஆகவே அது பொது நலக் கொள்கைக்கு எதிரானது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். தொலைந்தது ஒரு புடவைதான், ஆனால் அச்சடித்துவிட்டால் எல்லாம் செல்லும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு முட்டுக்கட்டை.

பேசித் தீராத விஷயத்துக்கு இன்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். நாம் செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கையில் இருக்க வேண்டியவை: ரசீது, கொடுக்கும் நாளில் எடுத்த படம், திரும்பி வந்த நாளில் கவுன்டரிலேயே எடுத்த படம், இருந்தால் புடவை வாங்கிய பில். துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், கறை எங்கே வந்தது என்ற வாதத்தில் நாம் தோற்றுவிடுவோம்.

மற்றவருக்குப் பயன்படும்படி எழுதுவது

"மோசமான கடை, போகாதீர்கள்" என்று நான் எழுத நினைத்த வரி யாருக்கும் உதவியிருக்காது. பருத்திச் சட்டை கொடுக்கிறவருக்கு அந்தக் கடை போதுமானதாகவே இருக்கலாம். என்ன துணி, என்ன கறை, கொடுக்கும்போது என்ன சொன்னோம், அவர்கள் என்ன கேட்டார்கள், எந்தத் தேதி சொன்னார்கள், எந்தத் தேதி வந்தது, குறையைச் சொன்னதும் என்ன செய்தார்கள் என்று இவ்வளவும் இருந்தால்தான் அடுத்தவர் தன் துணிக்கு அந்தக் கடை பொருந்துமா என்று முடிவெடுக்க முடியும்.

கோபம் ஆறிய பிறகு, கேட்ட நண்பர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "பட்டுப்புடவை, டிரை கிளீனிங், ரோலிங். வெளுப்பது நன்றாகவே இருந்தது. ஃபால்ஸ் சுருங்கவில்லை, சாயம் இறங்கவில்லை. ஆனால் வாங்கும்போது விரித்துப் பார்க்கவில்லை, கறை உண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காய்ந்த பாயசம் சூட்டில் பழுப்பேறிவிட்டது. உருப்படி எண்ணவில்லை, ரவிக்கை ஒன்பது நாள் காணாமல் போனது. படம் காட்டியதும் முதலாளி தேடிக் கொடுத்தார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. வண்டி திங்கள், வியாழன் மட்டுமே. முந்தானையில் வெளுத்த திட்டு எங்கள் வீட்டில் தேய்த்ததால் வந்தது, கடைக்கு அதில் பங்கில்லை."

அந்தக் குறிப்பின் ஒரு பிரதியை முதல் கடை முதலாளியிடமும் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். "வண்டி நாளைச் சொல்லாம தேதி குடுத்தது எங்க தப்புதாம்மா" என்றார். பழுப்புக் கறையைப் பற்றி மட்டும், "நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெரியவர் எட்டு நாள் கேட்டார், எட்டாம் நாள் புடவை தயாராக இருந்தது. பழுப்பின் அடர்ந்த ஓரம் போய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய நிழல் ஒன்று தெரிகிறது. அதற்கு மேல் தண்ணீர் காட்டியிருந்தால் அரக்குச் சாயம் கலங்கியிருக்கும் என்று சொல்லி, தான் எங்கே நிறுத்தினார் என்று விரலால் தொட்டுக் காட்டினார். வெளிறிய திட்டு அப்படியே இருக்கிறது. முந்தானையை ஒரு மடிப்புக் கூடுதலாக எடுத்துத் தோளில் குத்தினால் அது உள்ளே போய்விடுகிறது. பொங்கலுக்கு அம்மா அப்படித்தான் கட்டிக்கொண்டார்.